பெக் 0.5 என்றால் மலிவா? ரிஸ்க் வேறாக உள்ள இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுவது பற்றி

ஈரோடு_ராசு | 3 பிப்ரவரி 2024, இரவு 9:40

என்னிடம் ஒரு மசாலாக் கம்பெனி ஷேர் இருக்கிறது. விலை ஷேர் ஒன்றுக்கான லாபத்தைப்போல 19 மடங்கு சொச்சம், அதாவது பி.இ. 19 சொச்சம், லாப வளர்ச்சி 20%. பி.இ.யை வளர்ச்சியால் வகுத்தால் பெக் கிட்டத்தட்ட 1. ஒரு வீட்டுக்கடன் கம்பெனியும் பார்த்து வைத்திருக்கிறேன். அதற்கும் வளர்ச்சி 20%தான், ஆனால் பி.இ. 10.5. பெக் 0.5 வருகிறது. அதே வளர்ச்சி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் மசாலாவை விற்றுவிட்டு வீட்டுக்கடனுக்கு மாறுவதுதானே புத்திசாலித்தனம்? மார்க்கெட் இதைக் கண்டுகொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். நான் எதையாவது கவனிக்காமல் விட்டிருந்தால் சொல்லுங்கள்.

மாடிவீட்டு_மைனர் | 3 பிப்ரவரி, இரவு 9:52

அரை பெக்கில் நிறுத்திக்கொண்டவர்கள் யாரும் வீடு போய்ச் சேராமல் இருந்ததில்லை. தைரியமாக வாங்குங்கள்.

சந்தை_சாமி | 3 பிப்ரவரி, இரவு 10:15

மைனரை விடுங்கள். ராசு, கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் பதில் சுலபம். ரிஸ்க் அதிகம் என்றால் மார்க்கெட் விலையைக் குறைத்துவிடும், பி.இ. இறங்கிவிடும். பெக் என்பது பி.இ.யிலிருந்து வருவதுதானே. ஆகவே ரிஸ்க் ஏற்கெனவே பெக்குக்குள் இருக்கிறது. தனியாக இன்னொரு தடவை பார்க்கத் தேவையில்லை. 0.5 என்றால் ரிஸ்க்கைக் கழித்த பிறகும் மலிவு என்றே அர்த்தம்.

மாலதி_கணக்கு | 4 பிப்ரவரி, காலை 7:05

சாமி சார் சொன்னதில் முதல் பாதி சரி, முடிவு தலைகீழ். ரிஸ்க் பி.இ.யைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அப்படிக் குறைந்த பி.இ.யைத்தான் நாம் வளர்ச்சியால் வகுக்கிறோம். வகுக்கும் எண்ணில் ரிஸ்க் கிடையாது. அதனால் ரிஸ்க் அதிகமுள்ள கம்பெனி சரியான விலையில் இருந்தாலே அதன் பெக் குறைவாகத்தான் வரும். அந்தக் குறைவை மலிவு என்று படிப்பதில்தான் சிக்கல்.

ராசு தம்பி கொடுத்த எண்களையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கம்பெனிக்கும் இன்று ஒரு ஷேருக்கு லாபம் 10 ரூபாய். இரண்டும் 5 வருடம் 20% வளரும், அப்புறம் காலத்துக்கும் 6%. வேகமாக வளரும் காலத்தில் லாபத்தில் 30% டிவிடெண்ட், அதன் பிறகு 70%. எல்லாமே இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம், மசாலாவில் பணம் போடுகிறவர் வருடம் 12% கிடைத்தால் போதும் என்பார். வீட்டுக்கடனில் போடுகிறவர் 16% இல்லாமல் உள்ளே வர மாட்டார்.

12% போட்டால் ஷேரின் நியாய விலை 193 ரூபாய். பி.இ. 19.3, பெக் 0.97.

16% போட்டால் நியாய விலை 104.5 ரூபாய். பி.இ. 10.45, பெக் 0.52.

அதாவது இரண்டுமே சரியான விலையில்தான் இருக்கின்றன. எதுவும் மலிவு இல்லை, எதுவும் கூடுதல் இல்லை. ஆனாலும் ஒன்றின் பெக் இன்னொன்றில் பாதி. ராசு பார்த்தது மார்க்கெட் தவறவிட்ட வாய்ப்பாக இல்லாமல், இந்த 4% வித்தியாசமாகவே இருக்கலாம்.

ஷீட்டில் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: B1 எதிர்பார்க்கும் வருமானம், B2 முதல் கட்ட வளர்ச்சி, B3 வருடங்கள், B4 முதல் கட்ட டிவிடெண்ட் பங்கு, B5 பிற்கால வளர்ச்சி, B6 பிற்கால டிவிடெண்ட் பங்கு. விடையாக பி.இ. வரும்.

```
=B4*(1+B2)*(1-((1+B2)/(1+B1))^B3)/(B1-B2)
 +B6*(1+B2)^B3*(1+B5)/((B1-B5)*(1+B1)^B3)
```

ஈரோடு_ராசு | 4 பிப்ரவரி, காலை 8:30

மேடம், நன்றி. அப்படியானால் வீட்டுக்கடன் கம்பெனி எந்த விலைக்கு வந்தால் மலிவு? பெக் 0.4-க்குக் கீழே என்று வைத்துக்கொள்ளலாமா?

மாலதி_கணக்கு | 4 பிப்ரவரி, காலை 9:10

பெக்கில் ஒரு கோடு போட்டுக்கொள்ளாதீர்கள், அதுதான் நான் சொல்ல வருவது. வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். அந்த ஷேர் 140 ரூபாய்க்கு விற்கிறது என்று வையுங்கள். பி.இ. 14, பெக் 0.7. மசாலாவின் 0.97-ஐவிட இப்போதும் குறைவு. ஸ்க்ரீனர் இதைத்தான் முதலில் காட்டும். ஆனால் 140-க்கு வாங்கினால் உங்களுக்கு வருடத்துக்கு 14%-க்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும், அதுவும் எல்லாம் நினைத்தபடி நடந்தால். 16% வேண்டிய இடத்தில் 14%. நியாய விலையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் கொடுத்து வாங்கிவிட்டு, மலிவாக வாங்கிய திருப்தியோடு இருப்பீர்கள்.

பட்டதாரி_விவசாயி | 4 பிப்ரவரி, காலை 11:47

ஷீட்டில் போட்டேன். ரொம்ப ரிஸ்க்கான ஒரு மைக்ரோஃபைனான்ஸுக்கு B1-ல் 20% கொடுத்தேன். `#DIV/0!` என்று வருகிறது. மேடம் ஃபார்முலா தப்பு.

மாலதி_கணக்கு | 4 பிப்ரவரி, மதியம் 12:20

ஃபார்முலா தப்பில்லை. வளர்ச்சியும் 20%, எதிர்பார்ப்பும் 20% என்றால் முதல் பகுதியில் சுழியால் வகுக்கிறது. அந்த இடத்தில் மட்டும் B4-ஐ B3-ஆல் பெருக்கினால் போதும், அல்லது 20.01% போடுங்கள். விடை 6.8 வரும். பெக் 0.34. பார்த்தீர்களா, ரிஸ்க் ஏற ஏற பெக் எப்படி அழகாகிக்கொண்டே போகிறது என்று.

கிரிக்கெட்_ஆடிட்டர் | 4 பிப்ரவரி, மாலை 4:02

மாலதி மேடம் கணக்கில் ஓர் ஓட்டை. லாபத்தில் 30% டிவிடெண்ட் கொடுத்துவிட்டு மீதி 70%-ஐ வைத்து 20% வளர வேண்டுமென்றால் மூலதனத்தின் மீது வருமானம் 28.6% இருக்க வேண்டும். மசாலாவுக்கு அது நடக்கும். கடன் கொடுக்கும் கம்பெனிக்கு நடக்காது. கடன் புத்தகம் வளர வளர சொந்த மூலதனமும் கூடவே வளர்ந்தாக வேண்டும், ரிசர்வ் வங்கி விதி அப்படி. 28% எடுக்கிற வீட்டுக்கடன் கம்பெனியை நான் பார்த்ததில்லை. ஆகவே வீட்டுக்கடனுக்கு முதல் 5 வருடம் டிவிடெண்ட் பூஜ்யம் என்று போடுங்கள். அப்போதும் மூலதன வருமானம் 20% வேண்டும், அதுவே பெரிய விஷயம்.

மாலதி_கணக்கு | 4 பிப்ரவரி, மாலை 5:30

சரியான ஆட்சேபம். ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றிக் காட்டுவதற்காக மற்றதை ஒன்றாக வைத்தேன். நீங்கள் சொல்வதுபோல B4-ல் 0 போட்டால் 16%-க்கு பி.இ. 8.8, பெக் 0.44. ஆக, ராசு பார்க்கும் 10.5 மலிவு இல்லை என்பதோடு நிற்கவில்லை, கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம்.

கிரிக்கெட்_ஆடிட்டர் | 4 பிப்ரவரி, மாலை 5:41

இன்னொன்று. 20% வளர உள்ளே இருந்து பணம் வராவிட்டால் புதிய ஷேர் வெளியிடுவார்கள். கம்பெனியின் மொத்த லாபம் 20% கூடும், ஷேர் ஒன்றுக்கான லாபம் 12 அல்லது 13%தான் கூடும். பல ஸ்க்ரீனர்கள் பெக்குக்கு எடுப்பது மொத்த லாப வளர்ச்சியை, அதுவும் கடந்த 5 வருடத்தை. ராசு, உங்கள் 20% எந்த 20% என்று பாருங்கள்.

சந்தை_சாமி | 4 பிப்ரவரி, இரவு 8:15

அதெல்லாம் சரி. 16% என்பதை யார் முடிவு செய்தது? மேடம் 16 என்கிறார், நான் 13 என்கிறேன். 13 போட்டால் வீட்டுக்கடன் ரொம்ப மலிவு. நம் மனதில் இருக்கும் எண்ணை உள்ளே திணித்துவிட்டு வெளியே எடுத்துக் காட்டுகிறோம். பெக்கில் அந்த வம்பு இல்லை.

மாலதி_கணக்கு | 4 பிப்ரவரி, இரவு 8:50

பெக்கிலும் அந்த வம்பு இருக்கிறது சார், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பெக்கை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே வீதம் போதும் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறீர்கள். 16 தப்பாக இருக்கலாம். ஆனால் மசாலாவுக்கும் வீட்டுக்கடனுக்கும் ஒரே எண் என்பது நிச்சயம் தப்பு.

நகைக்கடை_தெரு | 5 பிப்ரவரி, காலை 10:05

வணக்கம். நான் தங்கக் கடன் கம்பெனி ஒன்றின் ஷேர் வைத்திருக்கிறேன். பெக் 0.6 என்று போட்டிருக்கிறது. தங்கம் ஏறிக்கொண்டே இருக்கிறது. இப்போது நகை வாங்கலாமா, ஷேரை வைத்திருக்கலாமா? எங்கள் அத்தை நகைதான் நல்லது என்கிறார்.

மாடிவீட்டு_மைனர் | 5 பிப்ரவரி, காலை 10:09

அத்தை சொல்வதைக் கேளுங்கள். அத்தைக்கு பெக் கிடையாது.

ஓய்வு_மேலாளர் | 5 பிப்ரவரி, காலை 11:30

நகையா ஷேரா என்பது இங்கே பேசும் விஷயம் இல்லை அம்மா. ஆனால் நீங்கள் தங்கக் கடனை இழுத்தது நல்லதாகப் போயிற்று. நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன், அந்தத் துறையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

2012-க்கு முந்தைய சில வருடங்களில் தங்கக் கடன் கம்பெனிகள் தலைதெறிக்க வளர்ந்தன. தெருவுக்குத் தெரு கிளை. வளர்ச்சி எண்ணால் வகுத்தால் பெக் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாக வந்திருக்கும். 2012 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது, நகை மதிப்பில் 60%-க்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது என்று. கிராமுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதுதான் அவர்கள் பிழைப்பே, அது ஒரே காகிதத்தில் போனது. அடுத்த வருடம் ஏப்ரலில் தங்கம் விலை சரிந்தது. அடகு வைத்தவர்களில் பலர் நகையை மீட்க வரவில்லை, கடனும் வட்டியும் சேர்ந்தால் நகையின் மதிப்பைத் தாண்டிவிட்டது என்பதால். 2014 ஜனவரியில் வரம்பை 75% ஆக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வளர்ச்சி பொய் இல்லை, நிஜமாகவே வளர்ந்தார்கள். ஆனால் ஒரு சுற்றறிக்கையில் நிற்கக்கூடிய வளர்ச்சி. மிளகாய்த்தூள் விற்பனையை அப்படி யாரும் ஒரே நாளில் நிறுத்த முடியாது. பெக்கில் இரண்டும் வெறும் 20 என்ற எண்ணாகத்தான் உட்காரும்.

ஈரோடு_ராசு | 5 பிப்ரவரி, மதியம் 1:15

சார், துறை வேறு என்றால் புரிகிறது. ஒரே துறைக்குள் ஒப்பிட்டால் பெக் சரிதானே? நூற்பாலையை நூற்பாலையோடு, வங்கியை வங்கியோடு.

ஓய்வு_மேலாளர் | 5 பிப்ரவரி, மாலை 6:40

அங்கேதான் இன்னும் மோசமாக ஏமாற்றும். நூற்பாலையே எடுத்துக்கொள்வோம், நம் பக்கத்துத் தொழில்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மில். ஒரே ஸ்பிண்டில், ஒரே நூல் ரகம், ஒரே வாடிக்கையாளர்கள். இரண்டுக்கும் வட்டிக்கு முந்தைய லாபம் 100 கோடி. முதல் மில்லுக்குக் கடனே இல்லை. இரண்டாவது மில்லுக்கு 500 கோடி கடன், 10% வட்டி. வரி 25%.

முதல் மில்: 100-ல் வரி போக 75 கோடி நிகர லாபம்.
இரண்டாவது மில்: 100-ல் வட்டி 50 போக 50, அதில் வரி போக 37.5 கோடி.

அடுத்த வருடம் தொழில் 10% வளர்கிறது, இரண்டுக்கும் 110 கோடி. முதல் மில்லின் நிகர லாபம் 82.5, வளர்ச்சி 10%. இரண்டாவதுக்கு 60-ல் வரி போக 45, வளர்ச்சி 20%. ஒரே தொழில், ஒரே தறிக்காரர்கள், ஆனால் இரட்டிப்பு வளர்ச்சி. வட்டி அப்படியே நிற்கிறது என்பதைத் தவிர அந்த மில்லில் எந்தத் திறமையும் கூடவில்லை.

இப்போது விலை. மில் ஒன்றின் மொத்த மதிப்பு 1500 கோடி என்று வையுங்கள். முதல் மில்லின் ஷேர்கள் அனைத்துக்கும் 1500, பி.இ. 20, பெக் 2. இரண்டாவதில் கடன் 500 போக 1000, பி.இ. 26.7, பெக் 1.33. பெக் பார்த்து வாங்குகிறவர் ஓடிப்போய்க் கடன்கார மில்லை வாங்குவார். இரண்டு மில்லையும் நான் ஒரே மதிப்பில்தான் வைத்திருக்கிறேன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் பஞ்சு விலை. 2022 மே மாதம் ஒரு கண்டி 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த மாதிரி ஒரு வருடத்தில் வட்டிக்கு முந்தைய லாபம் 100-லிருந்து 70-க்கு இறங்கினால் முதல் மில்லுக்கு 30% சரிவு. இரண்டாவதுக்கு 20 கோடியில் வரி போக 15, அதாவது 60% சரிவு. 50-க்கு இறங்கினால் முதல் மில் 37.5 கோடி லாபத்தோடு நிற்கும். இரண்டாவது பூஜ்யம். அதற்குக் கீழே போனால் நாங்கள் கதவைத் தட்டுவோம். தட்டியிருக்கிறேன்.

கிரிக்கெட்_ஆடிட்டர் | 5 பிப்ரவரி, இரவு 7:25

மேலாளர் சார் கணக்கில் சின்னத் திருத்தம். வட்டிக்கு வரிச் சலுகை உண்டே, அதனால் இரண்டாவது மில்லின் மொத்த மதிப்பு கொஞ்சம் கூடும். கடன் நிரந்தரம் என்று வைத்தால் 500-ல் 25%, அதாவது 125 கோடி வரை. ஷேர் மதிப்பு 1125, பி.இ. 30, பெக் 1.5. முடிவு மாறவில்லை, 2-ஐவிடக் குறைவுதான்.

இன்னும் ஒன்று. அந்த 20% அப்படியே ஓடாது. அதற்கடுத்த வருடம் தொழில் மீண்டும் 10% வளர்ந்து 121 ஆனால் வட்டி போக 71, வளர்ச்சி 18.3%. லாபம் கூடக் கூட வட்டியின் பாரம் சிறுத்து வளர்ச்சி தொழில் வேகத்தை நோக்கி இறங்கும். 20%-ஐயே தக்கவைக்க வேண்டுமென்றால் மேலும் மேலும் கடன் வாங்க வேண்டும். அந்தப் பழக்கமுள்ள கம்பெனிகளுக்குத்தான் பெக் வருடாவருடம் அழகாக இருக்கும்.

ஓய்வு_மேலாளர் | 5 பிப்ரவரி, இரவு 7:50

வரிச் சலுகையை வேண்டுமென்றே விட்டேன், எண்கள் கூடிவிடும் என்று. தறிக்காரர்கள் என்று எழுதியதற்கு யாரும் திட்டவில்லையே, நூற்பாலையில் ஏது தறி.

பட்டதாரி_விவசாயி | 6 பிப்ரவரி, காலை 6:55

திட்ட நினைத்தேன், வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டேன் சார்.

சந்தை_சாமி | 6 பிப்ரவரி, காலை 9:20

சரி, பெக்கை அப்படியே பார்க்கக் கூடாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூக்கி எறியவும் வேண்டியதில்லை. மார்க்கெட் அசையும்போது ஷேர் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் பீட்டாவால் பெருக்கிவிடுங்கள். பீட்டா 1.6 உள்ள கம்பெனியின் 0.52 பெக் 0.83 ஆகிவிடும். 0.6 உள்ள மசாலா 0.58. ரிஸ்க் உள்ளே வந்துவிட்டது, கதை முடிந்தது.

மாலதி_கணக்கு | 6 பிப்ரவரி, காலை 10:45

ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல்தான். எதுவும் தெரியாத இடத்தில் முதல் வடிகட்டியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் விடையையே பாருங்கள். இரண்டும் சரியான விலையில் இருந்த கம்பெனிகள். பீட்டாவால் பெருக்கியதும் இப்போது மசாலா மலிவு, வீட்டுக்கடன் கூடுதல் என்று வருகிறது. ஒரு பக்கத் தப்பு மறுபக்கத் தப்பாக மாறியிருக்கிறது. ரிஸ்க் இரட்டிப்பானால் விலை பாதியாகும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

அடுத்து, சின்னக் கம்பெனிகளுக்கு வரும் பீட்டாவை நான் நம்புவதில்லை. தினமும் சில நூறு ஷேர்தான் கைமாறும், சில நாள் வியாபாரமே இருக்காது, மார்க்கெட் விழுந்தாலும் இதன் விலை அன்று அசையாது. கணக்கில் பீட்டா 0.4 என்று வரும், பாதுகாப்பான கம்பெனி மாதிரி. விற்கப் போனால்தான் வாங்க ஆள் இல்லை என்று தெரியும்.

கிரிக்கெட்_ஆடிட்டர் | 6 பிப்ரவரி, காலை 11:30

பீட்டா பின்னால் பார்க்கும் கண்ணாடி. 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் கடன் தவறியது தெரிந்ததும் வீட்டுக்கடன் கம்பெனிகளுக்கு யாரும் குறுகியகாலக் கடன் கொடுக்கத் தயாராக இல்லை. 21-ஆம் தேதி டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் கம்பெனியின் ஷேர் ஒரே நாளில் 40%-க்கு மேல் விழுந்தது. 2021-ல் திவால் நடவடிக்கை முடிந்தபோது ஷேர் வைத்திருந்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 20 வருடத்துக்குக் கொடுத்த வீட்டுக்கடனுக்கு 3 மாதக் கமர்ஷியல் பேப்பரில் பணம் திரட்டினால் என்ன ஆகும் என்பது முந்தைய 5 வருட விலை ஏற்ற இறக்கத்தில் தெரியாது, லாப வளர்ச்சியிலும் தெரியாது. சொல்லப்போனால் மலிவான குறுகியகாலக் கடன்தான் அந்த லாப வளர்ச்சிக்கே ஒரு காரணம்.

ஈரோடு_ராசு | 6 பிப்ரவரி, மதியம் 2:10

அப்போது எங்கே தெரியும்?

கிரிக்கெட்_ஆடிட்டர் | 6 பிப்ரவரி, மதியம் 2:35

ஆண்டறிக்கையில் சொத்தும் கடனும் எந்தக் காலத்தில் முதிர்கின்றன என்று ஓர் அட்டவணை இருக்கும். 1 மாதம், 3 மாதம், 1 வருடம், 5 வருடம் என்று கட்டம் கட்டமாக. முதல் 1 வருடக் கட்டங்களில் வரவேண்டியதையும் கொடுக்கவேண்டியதையும் கூட்டிப் பாருங்கள். கொடுக்கவேண்டியது கணிசமாக அதிகமென்றால், ஒவ்வொரு மாதமும் புதுக்கடன் கிடைத்தால்தான் அந்தக் கம்பெனி ஓடும். அடுத்து பில்டர்களுக்குக் கொடுத்த கடன் எவ்வளவு பங்கு என்று பாருங்கள். தனிநபர் வீட்டுக்கடனும் அதுவும் ஒரே ரிஸ்க் இல்லை.

நகைக்கடை_தெரு | 6 பிப்ரவரி, மாலை 5:00

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வைத்திருக்கலாமா வேண்டாமா?

மாலதி_கணக்கு | 6 பிப்ரவரி, மாலை 5:45

உங்கள் கம்பெனியின் அறிக்கை தெரியாமல் யாரும் சொல்ல முடியாது மேடம். தங்கக் கடன் பொதுவாகச் சில மாதங்களில் திரும்பி வருவது, அதனால் ஆடிட்டர் சார் சொன்ன முதிர்வுப் பிரச்சினை வீட்டுக்கடன் அளவுக்கு இருக்காது. தங்கம் 20% சரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் உங்களுக்கான கேள்வி. 0.6 அதற்குப் பதில் சொல்லாது.

ஈரோடு_ராசு | 8 பிப்ரவரி, இரவு 10:20

அட்டவணையைத் தேடி எடுத்தேன். வீட்டுக்கடன் கம்பெனிக்கு முதல் 1 வருடத்தில் கொடுக்கவேண்டியது வரவேண்டியதைவிட அதிகம், ஆனால் வங்கிகளிடம் எடுக்காமல் வைத்திருக்கும் கடன் வரம்பையும் சேர்த்தால் சமாளித்துவிடுகிறது. லாப வளர்ச்சி 20%, ஆனால் நடுவில் ஒரு தடவை ஷேர் வெளியிட்டிருக்கிறார்கள், ஷேர் ஒன்றுக்கு 14%தான். அந்த 14-ஆல் வகுத்தாலே பெக் 0.75 ஆகிவிடுகிறது. B2-ல் 14%, B4-ல் 0 போட்டேன். 16%-க்கு பி.இ. 6.8 வருகிறது, 14%-க்கு 9.3. இன்று விற்பது 10.5-ல். மசாலாவை இப்போதைக்கு விற்கவில்லை.

சந்தை_சாமி | 8 பிப்ரவரி, இரவு 10:48

13% போட்டால் 11.1 வருமே. என் எண்ணில் வாங்கலாம்.

ஓய்வு_மேலாளர் | 9 பிப்ரவரி, காலை 6:30

சாமி, அந்தக் கம்பெனியே மக்களிடம் டெபாசிட் வாங்கவும் பத்திரம் விற்கவும் எவ்வளவு வட்டி கொடுக்கிறது என்று பாருங்கள். 9 அல்லது 9.5 இருந்தால், கடன் கொடுத்தவன் முதலில் எடுத்துக்கொண்டு மிச்சம் இருந்தால் வாங்கிக்கொள்ளப் போகும் நீங்கள் 13-க்குச் சம்மதிப்பது எனக்குப் போதவில்லை. 15-ஆ 16-ஆ என்பதில் வேண்டுமானால் சண்டை போடலாம்.

சந்தை_சாமி | 9 பிப்ரவரி, காலை 8:05

சண்டைக்கு நான் தயார். பத்திர வட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.